தேவைக்கோட்டை இறக்கியவள்

தாமரைச்செல்விக்கு மூக்கின்மேல் கோபம் என்று காரைக்கால்மேட்டில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அது முழு உண்மையில்லை. எடையில் ஏமாற்றினால் கோபம் வரும், ஐஸ் போடாத மீனை ஐஸ் மீன் என்று சொன்னால் வரும். சரியாகச் செய்த காரியத்தைத் தப்பு என்று ஒருத்தன் சொன்னால் மட்டும் கண் மண் தெரியாமல் வரும். மற்றபடி அவள் பாட்டுக்கு இருப்பவள்தான். விடியற்காலையில் கடற்கரை ஏலத்தில் மீன் எடுத்து, ஷேர் ஆட்டோவில் ஏற்றி, காரைக்கால் மார்க்கெட்டில் உட்கார்ந்து விற்று, வீட்டுக்கு வந்து சமைத்து, கையில் இருக்கும் வாடையோடு புத்தகத்தைத் திறப்பாள். முப்பத்தொன்பது வயது. தபால் வழியில் பி.ஏ. பொருளாதாரம் சேர்ந்து ஆறு வருஷம் ஆகிறது.

ஆறு வருஷம்தான் கெடு. அதற்குள் முடிக்காவிட்டால் பதிவு ரத்து, எழுதின தாளெல்லாம் வீண். இந்தப் பருவத்தோடு கெடு முடிகிறது. அவளுக்கு மிச்சம் இருந்தது ஒரே ஒரு தாள், நுண்ணினப் பொருளியல். பரீட்சை எழுத வேண்டுமானால் முதலில் அசைன்மெண்டில் இருபத்தைந்துக்குப் பத்து மதிப்பெண்ணாவது வாங்க வேண்டும். வாங்காதவர்களுக்கு ஹால் டிக்கெட் வராது.

அந்த ஞாயிற்றுக்கிழமை நேர்முக வகுப்பில் அசைன்மெண்டைத் திருப்பிக் கொடுத்தார்கள். ஒரு பள்ளிக்கூடத்தின் மாடி வகுப்பறை அது. பெரியவர்கள் சின்னப்பிள்ளை பெஞ்சில் முட்டியை மடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பாடம் எடுப்பவர் சிவநாதன், குரும்பகரத்துக்காரர், ஒப்பந்த விரிவுரையாளர், முப்பத்து மூன்று முப்பத்து நாலு வயது இருக்கும். தாமரைச்செல்வியின் தாளில் சிவப்பு மையில் ஆறு என்று போட்டிருந்தது. அதைச் சுற்றி ஒரு வட்டம் வேறு.

அவள் முதலில் நம்பவில்லை. வேறு யார் தாளோ என்று பெயரைப் பார்த்தாள். அவள் பெயர்தான், அவள் கையெழுத்துதான். ஓரத்தில் எழுதியிருந்தார்: "வரி விதித்தால் நகர்வது அளிப்புக்கோடு. தேவைக்கோடு அல்ல. சமநிலை விலை தவறு."

மூன்று வாரம் உட்கார்ந்து போட்ட கணக்கு. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பையன் கைடைப் பார்த்து ஒரு மணி நேரத்தில் எழுதியதாக அவனே சொன்னான், அவனுக்கு இருபத்தொன்று. அவள் எழுந்து நின்றாள்.

"சார், எனக்கு ஆறு போட்டிருக்கீங்க. என்ன தப்புன்னு சொல்லுங்க."

"அதுலயே எழுதியிருக்கேனேம்மா."

"எழுதினது புரியல. சொல்லுங்க."

சிவநாதன் தாளை வாங்கிப் பார்த்தார். கெட்டவர் இல்லை, ஆனால் வகுப்பைச் சிரிக்க வைக்கிற பழக்கம் உண்டு. "இவங்க என்ன எழுதியிருக்காங்கன்னா, மீனுக்கு இருபது ரூவா வரி போட்டா, விலை இருநூறுலேர்ந்து நூத்தித் தொண்ணூத்திரெண்டுக்கு எறங்கிடுமாம். வரி போட்டா வெல எறங்குமா? இது தெரிஞ்சா கவர்மெண்ட்டு எல்லாத்துக்கும் வரி போட்டு வெலவாசியக் கொறைச்சிரும்."

வகுப்பு சிரித்தது. அறுபது பேர் சிரித்தார்கள். தாமரைச்செல்விக்குக் காது இரண்டும் சூடேறிவிட்டது.

"சிரிப்ப அப்புறம் வச்சுக்கலாம். கேள்வியப் படிங்க சார்."

"எதுக்கு?"

"படிங்களேன்."

படித்தார். மீன் சந்தை ஒன்றில் ஒரு நாளைக்கு மக்கள் கேட்கும் மீனின் அளவு, எழுநூறில் விலையைப்போல இரண்டு மடங்கைக் கழித்தால் வருவது. விற்பவர்கள் கொண்டுவரும் அளவு, விலையைப்போல மூன்று மடங்கில் முந்நூறைக் கழித்தால் வருவது. கிலோவுக்கு இருபது ரூபாய் வரி விதிக்கப்படுகிறது. புதிய சமநிலையைப் படிப்படியாக விளக்குக.

"வரி யார் கட்டணும்னு அதுல எங்க இருக்கு?"

சிவநாதன் இன்னொரு முறை தாளைப் பார்த்தார். இல்லைதான். "அது சொல்லணுமாம்மா? வரின்னா விக்கிறவங்கதான் கட்டுவாங்க. புத்தகத்துல அப்படித்தான் இருக்கு, விடைக்குறிப்புலயும் அப்படித்தான் இருக்கு."

"உங்க ஊருல நெல்லு வித்தா, வித்தவன்கிட்ட வரியப் புடிச்சுக்கிட்டுத்தான் காசு தருவாங்க. அதனால உங்களுக்கு அப்படி. எங்க ஊருல ஏலம் எடுக்குறவங்கதான் ஊர்வரி கட்டணும். கூடையத் தூக்குறதுக்கு முன்னாடி ஊர் ஆளு கைய நீட்டிக்கிட்டு நிப்பான். நான் பதினெட்டு வருஷமா கட்டுறேன். மீன் சந்தைன்னு கேள்வி போட்டா எனக்கு எந்த சந்தை சார் ஞாபகம் வரும்?"

"இது பொருளாதாரம்மா, உங்க ஊர்ப் பஞ்சாயத்து இல்ல," என்றார் சிவநாதன். "ஏதாவது சொல்லணும்னா ஒருங்கிணைப்பாளர்கிட்ட போய்ச் சொல்லுங்க. அஞ்சு மணிக்கு மார்க் ஏத்திடுவோம்."

ஆகட்டும் என்று தாளைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு கீழே இறங்கினாள். மாடிப்படி முழுக்க மனசுக்குள் அவரைத் திட்டிக்கொண்டே போனாள். அந்த வசவுகளை எழுத முடியாது.

ஒருங்கிணைப்பாளர் தெட்சிணாமூர்த்தி தலைமையாசிரியர் அறையில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். ஓய்வு பெறும் வயது, எந்தச் சண்டையையும் பிடிக்காத மனுஷர். அவள் சொன்னதையெல்லாம் கேட்டார். கெடு இந்தப் பருவத்தோடு முடிகிறது என்றதும் உண்மையிலேயே வருத்தப்பட்டார். மேசை இழுப்பறையிலிருந்து அச்சடித்த ஒரு தாளை எடுத்து முன்னால் வைத்தார்.

"இதுல ஒரு கையெழுத்து போடும்மா. பத்து போடச் சொல்லிடுறேன். பரீட்சை எழுது, பாஸ் பண்ணு, போய்க்கிட்டே இரு. எதுக்கு இந்த வம்பு?"

அவள் படித்தாள். 'நான் விடையைத் தவறாக எழுதிவிட்டேன். என் குடும்பச் சூழ்நிலையைக் கருத்தில் கொண்டு, கருணை அடிப்படையில் குறைந்தபட்ச மதிப்பெண் வழங்குமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.'

பேனாவையும் நீட்டினார். பத்து மதிப்பெண். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான், அதற்கு மேல் ஒரு மதிப்பெண்கூடத் தேவையில்லை. காரைக்கால்மேட்டில் மகளிர் மீன் விற்பனைச் சங்கத்தில் கணக்கர் வேலைக்குப் பட்டம் கேட்கிறார்கள், அவளுக்காகவே காலியாக இருப்பது மாதிரி அந்த நாற்காலி ஒரு வருஷமாகக் காலியாக இருக்கிறது. பேனாவை வாங்கிவிட்டாள். தாளில் வைத்துத் தா என்று ஒரு எழுத்துகூட எழுதிவிட்டாள்.

பிறகு மேலே 'தவறாக' என்ற வார்த்தை கண்ணில் பட்டது. எரிச்சல் தலைக்கு ஏறிவிட்டது. சிரித்த அறுபது பேரும் ஞாபகத்துக்கு வந்தார்கள்.

"நான் தப்பா எழுதல சார். தப்பா எழுதியிருந்தா நானே போட்டுக் குடுத்திருப்பேன். இத நீங்களே வச்சுக்குங்க."

"பொண்ணே, வீம்பு பண்ணாதே. ஆறு வருஷம் போயிரும்."

"போனா என்னோட ஆறு வருஷம்தானே போவுது. மேல வாங்க நீங்களும். நான் கணக்கப் போட்டுக் காட்டுறேன். ஒரு எடத்துல தப்பு இருந்தாலும் இங்கேயே, இதே மேசையில, எல்லாரும் பாக்கக் கையெழுத்துப் போடுறேன்."

தெட்சிணாமூர்த்தி டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார். வராவிட்டால் அவள் கத்துவாள் என்று பயம்.

வகுப்பறைக்குள் நுழைந்ததும் அவள் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. சாக்பீஸை எடுத்தாள். சிவநாதன், "அம்மா, அம்மா" என்றார். தெட்சிணாமூர்த்தி, "அஞ்சு நிமிஷம் விடுங்க சார்" என்று கதவோரத்தில் நின்றுகொண்டார்.

"முதல் படி," என்றாள், கரும்பலகையில் இரண்டு கோடு போட்டு. கீழே சரிந்து இறங்கும் கோடு தேவை, மேலே ஏறும் கோடு அளிப்பு. "வரிக்கு முன்னாடி. விலை இருநூறு. எழுநூறுல நானூறு போனா முந்நூறு கிலோ கேக்குறாங்க. மூணு மடங்கு அறுநூறு, அதுல முந்நூறு போனா முந்நூறு கிலோ வருது. கேக்குறதும் வர்றதும் ஒண்ணு. இது சமநிலை. இதுல தகராறு இல்லல்ல?"

"இல்ல," என்றார் சிவநாதன்.

"ரெண்டாவது படி. இப்ப வரிய வாங்குறவ தலையில போடுறாங்க. நான் ஏலத்துல நிக்கிறேன். எனக்கு ஒரு கிலோ இருநூறு ரூவாதான் கட்டுபடியாவும். கூடையத் தூக்குறப்போ இருபது ரூவா ஊர் ஆளு கேப்பான்னு தெரியும். அப்ப நான் எவ்வளவு கேப்பேன்? நூத்தியெண்பதுதான் கேப்பேன். நான் மட்டும் இல்ல, ஏலத்துல நிக்கிற அத்தனை பேரும் மனசுக்குள்ள இருபதக் கழிச்சுட்டுத்தான் வாயத் தொறப்பாங்க. அதனால தேவைக்கோடு மொத்தமும் இருபது ரூவா கீழ எறங்குது." பழைய தேவைக்கோட்டுக்குக் கீழே இணையாக இன்னொரு கோடு இழுத்தாள். சாக்பீஸ் உடைந்தது, துண்டை எடுத்து மிச்சத்தை இழுத்தாள். "அளிப்புக்கோடு நகரல. மீன் புடிக்கிறவங்க கையில வர்ற காசப் பாத்துதான் மீன் கொண்டாருவாங்க, அதுல எந்த மாத்தமும் இல்ல. சரியா?"

யாரும் சிரிக்கவில்லை.

"மூணாவது படி. விலை பழைய இருநூறுலயே நின்னா என்ன ஆவும்? வாங்குறவளுக்கு மொத்தம் இருநூத்தி இருபது ஆவுது. எழுநூறுல நானூத்தி நாப்பது போனா எரநூத்தி அறுபது கிலோதான் கேப்பாங்க. வந்தது முந்நூறு. நாப்பது கிலோ நிக்குது. மீனு நின்னா நாறும். அதனால ஏல விலை எறங்கும். எதுவரைக்கும் எறங்கும்? நாலாவது படி. நூத்தித் தொண்ணூத்தி ரெண்டு. வாங்குறவளுக்கு வரியோட இருநூத்திப் பன்னெண்டு. எழுநூறுல நானூத்தி இருபத்தி நாலு போனா எரநூத்தி எழுபத்தாறு. விக்கிறவனுக்கு நூத்தித் தொண்ணூத்தி ரெண்டு, மூணு மடங்கு ஐந்நூத்தி எழுபத்தாறு, முந்நூறு போனா எரநூத்தி எழுபத்தாறு. ஒண்ணா இல்லையா?"

முன்வரிசைப் பையன் செல்போனில் போட்டுப் பார்த்துவிட்டு, "ஒண்ணுதான் சார்" என்றான்.

"விலை எறங்குதுன்னு சொல்லிச் சிரிச்சீங்க. எறங்குனது ஏலத்துல கூவுற விலை. என் சுருக்குப்பையிலேர்ந்து போறது பன்னெண்டு ரூவா கூடத்தான். படகுக்காரனுக்கு எட்டு ரூவா கொறைச்சல். பன்னெண்டும் எட்டும் இருபது. இதெல்லாம் மூணாம் பக்கத்துல எழுதியிருக்கேன். நீங்க மூணாம் பக்கத்தப் பொரட்டுனீங்களா சார்?"

அவள் சாக்பீஸ் துண்டைச் சிவநாதன் கையில் திணித்தாள். "இப்ப உங்க விடைக்குறிப்பப் போடுங்க. பக்கத்துலயே போடுங்க."

அவர் போட்டார். வேறு வழி இல்லை. வரியை விற்பவர் கட்டினால், அவர் கையில் பழைய காசு நிற்க வேண்டுமென்று ஒவ்வொரு அளவுக்கும் இருபது கூட்டிக் கேட்பார், அளிப்புக்கோடு இருபது ரூபாய் மேலே ஏறும். பழைய இருநூறில் விற்பவர் கைக்கு நூற்றியெண்பது, வருவது இருநூற்று நாற்பது கிலோ. கேட்பது முந்நூறு. அறுபது கிலோ பற்றாக்குறை, விலை ஏறும். இருநூற்றுப் பன்னிரண்டில் நிற்கும். கேட்பது இருநூற்று எழுபத்தாறு. விற்பவருக்கு வரி போக நூற்றுத் தொண்ணூற்றிரண்டு, கொண்டுவருவது இருநூற்று எழுபத்தாறு.

எழுதிக்கொண்டே வந்தவருடைய கை கடைசி எண்ணில் நின்றது. இடது பக்கம் அவள் எண்கள், வலது பக்கம் அவருடையவை. வாங்குபவர் கொடுப்பது 212, விற்பவர் பெறுவது 192, அளவு 276. இரண்டிலும் அதேதான்.

"வரி வசூலும் ஒண்ணுதான்," என்றார் மெதுவாக. "இருபது பெருக்கல் எரநூத்தி எழுபத்தாறு. அஞ்சாயிரத்து ஐந்நூத்தி இருபது."

"அதுவும் எழுதியிருக்கேன். நாலாம் பக்கம். யார்கிட்ட வசூல் பண்ணாலும் சுமை அதே மாதிரிதான் பிரியும்னு எழுதியிருக்கேன். வெல மாறுறப்போ மீனு கொண்டார்றவங்க அளவு அதிகமா மாறுது, வாங்குறவங்க அளவு கம்மியா மாறுது, அதனால வாங்குறவங்க தலையிலதான் அதிகம் விழுதுன்னும் எழுதியிருக்கேன். கைடுல அது இல்ல. எனக்கு ஆறு மார்க்கு." கடைசி வார்த்தையில் குரல் உடைந்துவிட்டது, அதற்கும் அவளுக்குக் கோபம் வந்தது.

சிவநாதன் மேசைக்குப் போய் மதிப்பெண் பட்டியலை எடுத்தார். ஆறை அடித்து இருபத்து மூன்று போட்டார். பக்கத்தில் கையெழுத்துப் போட்டார். தெட்சிணாமூர்த்தியும் வந்து கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டு, "அப்படியே போயிருந்தா பத்துதான் கெடைச்சிருக்கும்" என்று ஏதோ தான்தான் வாங்கிக் கொடுத்தது போலச் சொன்னார். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

அவ்வளவுதான், ஜெயித்தாகிவிட்டது. பையை எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான். ஆனால் சிவநாதன் பேனாவை மூடாமல் கையில் வைத்துக்கொண்டே நின்றார். முகம் சரியில்லை.

"என்ன சார்?"

"இதே கேள்விய நான் அஞ்சு வருஷமா குடுக்குறேன். இதே மாதிரி தேவைக்கோட்ட எறக்கி எழுதுன பேப்பர் முன்னாடியும் வந்திருக்கும்மா."

"எத்தனை?"

"ஞாபகத்துல மூணு இருக்கு. மூணுமே உங்க பக்கத்துப் பொம்பளைங்க. ரெண்டு பேர் காரைக்கால்மேடு, ஒருத்தங்க பட்டினச்சேரி."

"எவ்வளவு போட்டீங்க?"

"உங்களுக்குப் போட்ட மாதிரிதான், அஞ்சு ஆறுன்னு."

"அப்புறம் அவங்க என்ன ஆனாங்க?"

"வரல. யாரும் வந்து கேக்கல. படிப்ப விட்டுட்டாங்க."

வந்து கேட்கவில்லையாம். அதைச் சொல்லும்போது அவர் குரலில் ஒரு சமாதானம் இருந்ததுதான் தாமரைச்செல்விக்குப் பொறுக்கவில்லை. வந்திருந்தால் மட்டும் இந்த ஆள் என்ன செய்திருப்பார்? சிரித்திருப்பார். அச்சடித்த கருணைத் தாள் கீழே இழுப்பறையில் கட்டுக் கட்டாக இருக்கிறது.

"பேரு சொல்லுங்க."

"பழைய பதிவேட்டப் பாக்கணும்."

"பாருங்க. நான் நிக்கிறேன்."

கீழே போய் அலமாரியைத் திறந்து இரண்டு பதிவேடுகளைத் தேடி எடுத்து வர அவருக்கு முக்கால் மணி நேரம் பிடித்தது. ஒரு துண்டுத்தாளில் மூன்று பெயர்களை எழுதிக் கொடுத்தார். முதல் இரண்டும் அவளுக்குத் தெரியாதவை. மூன்றாவது வினோதா. காரைக்கால்மேடு. நாலு வருஷத்துக்கு முந்தையது.

மார்க்கெட்டில் அவளுக்குப் பக்கத்துக் கல்லில் உட்கார்ந்து மீன் வெட்டுகிற வினோதா. ஒரு காலத்தில் காலேஜ் சேர்ந்தாள் என்றுகூட அவள் ஒரு நாளும் சொன்னதில்லை. தாமரைச்செல்வி புத்தகத்தை எடுக்கும்போதெல்லாம், "நமக்கெல்லாம் அது மண்டையில ஏறாதுக்கா, விடு" என்று மட்டும் சொல்வாள்.

ஷேர் ஆட்டோவுக்குக் காத்திருக்கப் பொறுமையில்லை. நடந்தே மார்க்கெட்டுக்கு வந்தாள். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் வடிந்துவிட்டது. வினோதா ஒரு அம்மாளுக்குச் சங்கரா மீனைச் செதில் எடுத்துக்கொண்டிருந்தாள். தாமரைச்செல்வி எதிரில் நின்று, மூச்சுக்கூட விடாமல் எல்லாவற்றையும் சொன்னாள். இருநூறு, நூற்றுத் தொண்ணூற்றிரண்டு, இருநூற்றுப் பன்னிரண்டு, கரும்பலகை, சிவப்பு மை, மூன்று பெயர்.

வினோதாவின் கை நிற்கவில்லை. செதில் தெறித்துக்கொண்டே இருந்தது. மீனைக் கழுவி, நாலு துண்டாக வெட்டி, பையில் போட்டு அந்த அம்மாளிடம் நீட்டினாள்.

"எனக்கு அஞ்சு போட்டாருக்கா," என்றாள். "நான் எழுதுனது சரியா?"

"சரிடி. நீ எழுதுனது சரி."

"நாலு வருஷமா நான் மக்குன்னு நெனச்சுக்கிட்டு இருக்கேன். எம்புருஷன் சொன்னான், எங்கம்மா சொன்னா, நானும் சொல்லிக்கிட்டேன்." கத்தியை வெட்டுக்கட்டையில் ஓங்கி ஒரு போடு போட்டாள். அது குத்திட்டு நின்றது. சேலைத் தலைப்பில் இரண்டு கையையும் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "மணி என்ன?"

"நாலு ஆவப்போவுது."

"அஞ்சு மணி வரைக்கும் அந்தாளு அங்கதானே இருப்பாரு?"

"இருப்பாரு."

அடுத்து நின்றவர் கிழங்கான் மீனைக் காட்டி, "ஏம்மா, இத வெட்டித் தரலையா?" என்று கேட்டார். வினோதா அவரைத் தாண்டி நடந்துகொண்டிருந்தாள்.